கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? எர்த்தைச் சோதித்துச் சரிசெய்யும் வழி

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பென் டிரைவ் செருகக் கை போகிறது. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத ஓரத்திலோ பின்பக்கத் திருகிலோ விரல் பட்டதும் சுர்ரென்று ஒரு கூச்சம். புறங்கையால் மெல்லத் தடவினால் தகடு அதிர்வதுபோல் இருக்கிறது. செருப்புப் போட்டால் தெரிவதில்லை. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றால், அதிலும் மழைக்காலத்தில், நன்றாகவே தெரிகிறது. உடனே "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றித் தரும் அந்தப் பவர் சப்ளை பெட்டி, நன்றாகத்தான் இருக்கும். அறுந்திருப்பது சுவருக்குள் வரும் எர்த் வயர்.

அந்தச் சுர்ரென்பது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, சோதனைக்குப் போவோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று பின் பிளக் பாயிண்ட் கொண்ட நம்மூர் வீட்டு வயரிங்கை மனதில் வைத்து எழுதியது இது.

சுர்ரென்பது எங்கிருந்து வருகிறது

நல்ல எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றிலும், பவர் கார்டு செருகும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். உள்ளே வேகமாகச் சுவிட்ச் ஆகும் டிரான்சிஸ்டர்களின் இரைச்சல் வீட்டு லைனுக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. அதற்காக ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்றும், நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்களைப் போட்டிருப்பார்கள். ஒய் கெப்பாசிட்டர் என்பது அவற்றின் பெயர். 2.2 முதல் 4.7 நானோஃபாரட் வரையிலானவை சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கும்.

எர்த் ஒழுங்காக இருந்தால் இந்தக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சொற்ப மின்னோட்டம் பச்சை வயரில் இறங்கிப் போய்விடும். அந்த வயர் அறுந்திருந்தால் கேபினெட் எதிலும் பிடிப்பில்லாமல் தொங்கி நிற்கிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இரண்டு சமமான கெப்பாசிட்டர்கள், அவை சந்திக்கும் இடத்தில் கேபினெட். ஆகவே அதில் 230 வோல்ட்டின் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் வந்து நிற்கும். மீட்டரில் 90 முதல் 130 வரை எதைப் பார்த்தாலும் மனதில் தோன்ற வேண்டிய முதல் சந்தேகம் இதுதான்.

115 வோல்ட் என்றதும் பயம் வரும். ஆனால் உடம்பைப் பாதிப்பது எத்தனை மின்னோட்டம் பாய்கிறது என்பதே. 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர்கள் என்று வைத்துக் கணக்குப் போடலாம்:

```
I = 2π × f × C × V
  = 2 × 3.14 × 50 × 4.7e-9 × 230
  ≈ 0.00034 A = 0.34 mA
```

இது மில்லியாம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. விரல் நுனியிலும் முன்கையின் உட்புறத்திலும் இந்த அளவு கூச்சமாகத் தெரியும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கேபினெட், மானிட்டர், பிரிண்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் அவற்றின் எர்த் பின்கள் மூன்றும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கின்றன. சுவரில் எர்த் இல்லாதபோது மூன்றின் கசிவும் கூடி, முதலில் தொடுகிறவர் வழியாக இறங்கும். மானிட்டரைத் தொட்டாலும் அடிப்பது இதனால்தான். மானிட்டரில் கோளாறு என்று பொருளில்லை.

இதை வைத்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விலை மலிவான சில எஸ்எம்பிஎஸ்களில் இந்த ஃபில்டரே இருக்காது. போர்டில் அதற்கான இடம் காலியாக இருக்கும். அவற்றைப் போட்டால் சுர்ரென்பது நின்றுவிடும். எர்த் அப்போதும் இல்லைதான். அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளமும் போய்விட்டது, அவ்வளவே.

அப்படியானால் ஆபத்து எது

எர்த் வயர் இருப்பது இந்த 0.34 மில்லியாம்பியருக்காக அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வயரின் உறை நசுங்கி ஃபேஸ் தகட்டில் படலாம். பல்லியோ கரப்பானோ உள்ளே புகுந்து குறுக்கே விழலாம். ஈரம் இறங்கலாம். அப்போது கேபினெட் நேராக ஃபேஸோடு சேர்ந்துவிடும். எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸோ எம்சிபியோ, கசிவைக் கண்டு வெட்டும் ஆர்சிசிபியோ விழும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும், கேபினெட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். இப்போது நடுவில் கெப்பாசிட்டர் இல்லை. ஈரக் காலோடு தொடுகிறவர் உடம்பில் நூறு மில்லியாம்பியர் வரை பாய முடியும். 30 மில்லியாம்பியரைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்கிவிடுகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் எல்லாப் பிளக் பாயிண்ட்டின் எர்த்தும் ஒரே பச்சை வயரில் கோத்திருக்கும். அந்த வயர் எர்த் குழிக்குப் போகும் இடத்தில் அறுந்துவிட்டதென்று வையுங்கள். சமையலறையில் கிரைண்டர் மோட்டாரின் கம்பிச் சுருள் பாடியில் பட்டால், அந்த 230 வோல்ட் எர்த் வயர் வழியாகவே நடந்து வந்து உங்கள் கேபினெட்டில் நிற்கும். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இருக்காது.

சோதனைக்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். லைன் டெஸ்டரை நம்பி இதில் இறங்க வேண்டாம். அதிலிருக்கும் நியான் விளக்கு மைக்ரோஆம்பியர் அளவிலேயே எரியும். கெப்பாசிட்டர் கசிவுக்கும் எரியும், நேரடி ஃபேஸுக்கும் எரியும், இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மீட்டரின் சிவப்பு வயர் `VΩ` என்று எழுதிய துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். `10A` துளையில் அதை வைத்துக்கொண்டு பிளக் பாயிண்ட்டில் நுழைத்தால் நேர் ஷார்ட் சர்க்கியூட், கையிலேயே மீட்டர் வெடிக்கும். காலில் ரப்பர் செருப்பு, கீழே காய்ந்த தரை. மீட்டரின் முனைகளில் உலோகம் நீளமாக வெளியே தெரியாமல், பிடிக்கும் இடத்தில் விரல் தடுப்பு இருக்கட்டும். கரண்ட் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் முனை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் முதல் படியை மட்டும் தாங்களே செய்துவிட்டு, இரண்டாவதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது நல்லது.

படி 1: கரண்ட் இல்லாமல் கார்டையும் கேபினெட்டையும் பார்த்தல்

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மானிட்டர் கேபிள், ஸ்பீக்கர், லேன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள், 0.2, 0.3 என்று ஏதோ காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ், பிறகு வரும் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும், இன்னொன்றை எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டோடு பிடித்திருக்கும் திருகிலும் வையுங்கள். பெயின்ட் அடித்த தகட்டில் வைத்தால் எதுவும் காட்டாது, ஆகவே திருகு. கழித்துப் பார்த்தால் அரை ஓமுக்குள் வர வேண்டும். திரையில் `OL` அல்லது `1` மட்டும் நின்றால் பவர் கார்டில் எர்த் அறுந்திருக்கிறது. வேறொரு கார்டு மாற்றிப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதையும் இதேபோல் பாருங்கள். அதன் பிளக்கின் பெரிய பின்னுக்கும், பெட்டியின் ஒவ்வொரு பெரிய துளைக்கும் இடையில் அளக்க வேண்டும். குற்றவாளி அடிக்கடி இங்கேதான் அகப்படுகிறது. மூன்று பின் பிளக், மூன்று துளை சாக்கெட், நடுவில் ஓடுவதோ இரண்டே கம்பி உள்ள வயர்! வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வர்ட்டர், பெரிய பின்னை வெட்டி எறிந்த பிளக் இரண்டும் கண்ணுக்கே தெரியும். இவற்றில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

இதே படியில் இன்னொன்றும் பார்த்துவிடலாம். மீட்டரை 20 மெகாஓம் ரேஞ்சுக்கு மாற்றி, எஸ்எம்பிஎஸ் பின்பக்கச் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் சிறிய பின்கள் ஒவ்வொன்றுக்கும் பெரிய பின்னுக்கும் இடையில் அளந்து பாருங்கள். கெப்பாசிட்டர் மீட்டரின் நேர் மின்னோட்டத்தை விடாது. எனவே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் `OL` வரும், அல்லது எண் ஏறிக்கொண்டே போய் மறையும். சில ஆயிரம் ஓம் என்று நிலையாக நின்றால் உள்ளே உண்மையான கசிவு இருக்கிறது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மீண்டும் கரண்டில் செருகவே கூடாது. `OL` வந்ததால் மட்டும் முழு உறுதி கிடைத்துவிடாது, ஏனென்றால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். 230 வோல்ட்டில் மட்டும் கசியும் பழுது இதில் தப்பிவிடும்.

படி 2: பிளக் பாயிண்ட்டில் மூன்று அளவு

மீட்டரை `V~` பகுதியில் 600 அல்லது 750 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். நேராக நின்று பார்க்கும்போது மேலே பெரிய துளை எர்த், வலது துளை ஃபேஸ், இடது துளை நியூட்ரல். கம்ப்யூட்டர் இன்னும் செருகப்படவில்லை. சுவிட்சைப் போட்டு மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த்.

சரியான பாயிண்ட்டில் முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 230 பக்கத்தில் இருக்கும். மூன்றாவது 0 முதல் 3 வோல்ட்டுக்குள் நிற்கும். எர்த் அறுந்திருந்தால் ஃபேஸ்–எர்த் அளவு 20, 60, 40 என்று நிலையில்லாமல் அலையும். பக்கத்து வயரிலிருந்து தாவி வரும் வெறும் நிழல் வோல்ட்டேஜ் அது.

நியூட்ரல்–எர்த் 230 காட்டி ஃபேஸ்–எர்த் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. இதற்கு வேறோர் அடையாளமும் உண்டு: எர்த் இல்லாத பாயிண்ட்டில், சுவிட்சை அணைத்த பிறகும் கேபினெட் சுர்ரென்று அடிக்கும். சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது, ஃபேஸ் உள்ளேயே இருக்கிறது. பாதியாகப் பிரிய இடமில்லாததால் கேபினெட் முழு 230 வோல்ட்டை நோக்கி ஏறிவிடுகிறது. எர்த் பின்னில் ஃபேஸ் வந்து நிற்கிறதென்று சந்தேகம் வந்தால், அதாவது இரண்டு துளைகள் இடம் மாறவில்லை, ஆனாலும் நியூட்ரல்–எர்த் நிலையாக 200க்கு மேல் நிற்கிறதென்றால், மெயினை அணையுங்கள். வேறொரு கருவியின் பழுது எர்த் வயரில் ஏறி வந்திருக்கலாம்.

இப்போது கம்ப்யூட்டரைப் பக்கத்துப் பாயிண்ட்டில் செருகி, காலியாக இருக்கும் பாயிண்ட்டில் மீண்டும் அளந்து பாருங்கள். அலைந்துகொண்டிருந்த ஃபேஸ்–எர்த் அளவு 115 பக்கத்தில் வந்து அமைதியாக நின்றால் விஷயம் முடிந்தது: எர்த் அறுந்திருக்கிறது, கேபினெட்டில் இருப்பது ஃபில்டர் கசிவு.

எல்லா அளவும் அழகாக இருக்கும் ஒரு பொய்யையும் தெரிந்துகொள்ளுங்கள். எர்த் இல்லாத வீட்டில் சில எலக்ட்ரீஷியன்கள் சுவிட்ச் போர்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். சுர்ரென்பது அந்த நொடியே நிற்கும். மீட்டரும் 230, 230, 0 என்று காட்டும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, ஃபேன் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து நேராகக் கேபினெட்டில் ஏறும். எர்த்தே இல்லாத நிலையைவிட மோசம் இது. கண்டுபிடிக்க, அதே போர்டில் அயர்ன் பாக்ஸ் போல 1000 வாட் கருவி ஒன்றை ஓடவிட்டு நியூட்ரல்–எர்த் அளந்து பாருங்கள். உண்மையான தனி எர்த் என்றால் நியூட்ரலில் பாயும் லோடால் ஒன்றிரண்டு வோல்ட் ஏறும். துளியும் அசையாமல் 0.0 என்றே நின்றால் மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு அந்தப் போர்டில் இல்லாமல் மெயின் போர்டில் செய்யப்பட்டிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அங்கேயும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டின் அளவுகள்

கீழ்த்தளம் பழையது, மாடி அறை பிறகு கட்டியது என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடி அறையில் கம்ப்யூட்டர் சுர்ரென்கிறது. படி 1இல் பவர் கார்டு 0.2 ஓம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 0.4 ஓம், சிறிய பின்களிலிருந்து `OL`. கம்ப்யூட்டர் பக்கத்தில் குறையில்லை.

படி 2இல் ஃபேஸ்–நியூட்ரல் 232. ஃபேஸ்–எர்த் 30க்கும் 50க்கும் நடுவில் அலைகிறது. கம்ப்யூட்டரைச் செருகியதும் ஃபேஸ்–எர்த் 118, நியூட்ரல்–எர்த் 114. இரண்டையும் கூட்டினால் 232. கேபினெட் சரியாக நடுவில் தொங்குகிறது. கீழ்த்தளத்தில் ஃபிரிட்ஜ் பாயிண்ட்டை அளந்தால் 232, 231, 1. ஆகவே வீட்டுக்கு எர்த் இருக்கிறது, மாடிக்கு ஏறவில்லை.

மெயினை அணைத்து மாடிப் போர்டைத் திறந்தால் படம் புரிந்துவிடும். இரண்டு பிளக் பாயிண்ட்டின் எர்த் முனைகளும் ஒரு பச்சைத் துண்டால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, அந்தத் துண்டிலிருந்து வேறெங்கும் வயர் போகவில்லை. பைப்பில் இழுத்தது ஃபேஸ், நியூட்ரல் இரண்டு மட்டும். மெயின் போர்டின் எர்த் பட்டையிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைப் பச்சை நிறத்தில் அதே பைப்பில் இழுத்து இணைத்ததும் அளவுகள் 232, 231, 1. கேபினெட்டில் அரை வோல்ட்டுக்கும் கீழே. செலவு ஒரு வயர்ச் சுருளும் அரை நாள் கூலியும். எஸ்எம்பிஎஸ் மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், சுர்ரென்பது போயிருக்காது.

சுர்ரென்பது நின்றால் எர்த் நன்றாக இருக்கிறதா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கசிவு 0.34 மில்லியாம்பியர். எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் என்ற படுமோசமான நிலையில் இருந்தாலும் கேபினெட்டில் மிஞ்சுவது 0.34 வோல்ட்தான். கை எதையும் உணராது. மீட்டரும் 230, 230, 1 என்று காட்டும். அதே எர்த்தை நம்பி ஒரு நிஜ பழுது வந்தால் பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. எம்சிபி அசையாது, கேபினெட்டில் ஏறக்குறைய 230 வோல்ட் அப்படியே நிற்கும்.

இதனால்தான் ஜன்னல் கம்பியில் வயர் கட்டுவது, தண்ணீர்க் குழாயில் கட்டுவது, தோட்டத்தில் ஒரு கம்பியை ஒன்றரை அடி அடித்து இணைப்பது எல்லாம் ஏமாற்றுகின்றன. கூச்சம் போய்விடும், பாதுகாப்பு வராது. ஜன்னல் கம்பியில் கட்டினால், பழுது வரும் நாளில் வெளியே நின்று ஜன்னலைப் பிடிக்கும் குழந்தைக்கும் கரண்ட் போய்ச் சேரும். இப்போது வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் பிவிசி. அவற்றில் எர்த் என்பதே கிடையாது.

எர்த் எவ்வளவு நல்லது என்று சொல்ல அதில் நிஜமான மின்னோட்டத்தைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்ப்பது இதற்குத்தான். பல்பு எரியும்போது ஃபேஸ்–எர்த் வோல்ட்டேஜ் 230இலிருந்து 228க்கு இறங்கினால், 0.43 ஆம்பியருக்கு 2 வோல்ட் இழப்பு, அதாவது ஏறத்தாழ 5 ஓம். 190க்கு இறங்கினால் சுமார் 100 ஓம். பல்பு மங்கலாக எரிந்தாலே எர்த் உதவாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை நீங்களே செய்ய வேண்டாம். எர்த் எங்காவது அறுந்திருந்தால், பல்பு போட்ட நொடியில் அந்த வயரில் கோத்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கேபினெட் எல்லாவற்றின் பாடியிலும் ஃபேஸ் ஏறும். தெரிந்த எலக்ட்ரீஷியன் முதலில் எல்லா மூன்று பின் பிளக்குகளையும் பிடுங்கச் சொல்வார், யாரையும் எதையும் தொட விடமாட்டார். எர்த்தின் ரெசிஸ்டன்ஸை நேராக அளக்கும் எர்த் மெக்கர் வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

மெயின் எர்த்தே மோசம் என்றால் குழியைப் பார்க்க வேண்டும். இந்திய எர்த்திங் விதித்தொகுப்பான ஐஎஸ் 3043 குழாய் எர்த்துக்கு 2.5 மீட்டர் நீள ஜிஐ குழாயைச் சொல்கிறது. சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்குவது நம்மூர் வழக்கம். வீட்டுக்கு 5 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள். குழியைத் தோண்டுமுன் குழாயின் தலையில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கவனியுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து முதலில் அரிப்பது அதைத்தான். அதை மாற்றியதும் பல வீடுகளில் எர்த் உயிர் பெற்றுவிடும். மண் காய்ந்தாலும் ரெசிஸ்டன்ஸ் ஏறும் என்பதால் கோடையில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு என்ன ஆகும்

எர்த் இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் போகும், ரேம் போகும் என்று சொல்வது மிகை. மதர்போர்டு, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கேபினெட்டோடு சேர்ந்தே மிதக்கின்றன. அவற்றுக்குள் வோல்ட்டேஜ் வேறுபாடு இல்லை. கம்ப்யூட்டர் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும்.

கேடு வருவது கேபிளைச் செருகும் நொடியில். கேபிள் டிவி வயர் பொருத்திய டிவியின் பாடி, அந்த வயரின் மேலுறை வழியாக வேறெங்கோ எர்த் ஆகியிருக்கலாம். மிதக்கும் கேபினெட்டிலிருந்து அதற்கு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் 115 வோல்ட் அங்கே இறங்கத் துடிக்கும். கேபிளின் உலோக உறை முதலில் பட்டால் ஒரு பொறியோடு முடியும். சாய்வாகச் செருகி ஒரு சிக்னல் பின் முதலில் பட்டுவிட்டால், சில வோல்ட் மட்டுமே தாங்கும் சிப்பின் வழியாக அது இறங்கும். எச்டிஎம்ஐ போர்ட், சவுண்ட் ஜாக், யூஎஸ்பி ஆடியோ கருவிகள் இப்படித்தான் சாகின்றன. சாதாரண லேன் கேபிளில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு இருப்பதால் அங்கே பயம் குறைவு.

ஸ்பைக் பஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அதிலிருக்கும், மிகை வோல்ட்டேஜைத் திருப்பிவிடும் வேரிஸ்டர்களில் ஃபேஸ்–நியூட்ரல் இடையிலுள்ளது மட்டுமே எர்த் இல்லாமல் வேலை செய்யும். எர்த்துக்குத் திருப்பிவிட வேண்டியவற்றுக்குத் திருப்ப இடமில்லை. இடி மின்னல் காலத்தில் நீங்கள் நம்பிய பாதுகாப்பில் பெரும்பகுதி அங்கே இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சுர்ரென்பது கூடுகிறதென்றால் அதற்கும் காரணம் உண்டு. மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. அதன் செங்குத்தான விளிம்புகளைக் கெப்பாசிட்டர் அதிகமாகக் கடத்தும்.

வாடகை வீட்டில், சரிசெய்யும் வரை

வயரிங்கைத் தொட உரிமையாளர் விடவில்லை என்றால், மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றையாவது போடச் சம்மதிக்க வையுங்கள். ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. எனவே எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். பழுதான கேபினெட்டைத் தொட்டால் அடி உறைக்கும், ஆனால் அது நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் வெட்டிவிடும். சுமாரான எர்த் உள்ள வீட்டிலும் இதுதான் காப்பு. 5 ஓம் நல்ல எர்த்தில்கூடப் பழுதின்போது பாய்வது 46 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ 80 ஆம்பியராவது வேண்டும். அந்த இடைவெளியை ஆர்சிசிபிதான் நிரப்புகிறது. அதன் `T` பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

அதுவரை கேபினெட்டைத் திறக்கும்போதும், மானிட்டர், டிவி, ஸ்பீக்கர் கேபிள்களைச் செருகும்போதும் இரண்டு பக்கக் கருவிகளின் பிளக்கையும், டிவியின் கேபிள் வயரையும் முதலில் பிடுங்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பின்பக்கச் சுவிட்சை அணைத்தால் போதாது; பல எஸ்எம்பிஎஸ்களில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்தச் சுவிட்சுக்கு முன்பே இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் வேலையை முடித்துவிட்டதாகச் சொல்லும்போது, சுர்ரென்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் திருப்திப்படாமல், அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு மூன்று அளவுகளையும் உங்கள் முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் வயர் எங்கே போய்ச் சேர்கிறது என்று மெயின் போர்டைத் திறந்தும் காட்டச் சொல்லுங்கள்.